பள்ளி அரங்கில் பகலொளியை அளந்து, விளக்குகளைச் சென்சாருடன் இணைப்பது எப்படி?

வெளியே வெளிச்சம் கூடும்போது விளக்குகள் தாமாகவே மங்க வேண்டும் என்பதற்காகச் சென்சார் பொருத்துகிறோம். ஆனால் அரங்கின் எந்த இடத்துக்கு எவ்வளவு பகலொளி வருகிறது என்பதை அளக்காமல் பொருத்தினால், சன்னல் ஓரத்து விளக்குகள் வீணாக எரியும். அல்லது உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் இருட்டில் தேர்வு எழுதுவார்கள். அந்த அளவீட்டில் தொடங்கிச் சென்சாரின் அளவுத்திருத்தம் வரை, ஒரே அரங்கை எடுத்துக்கொண்டு இங்கே பார்க்கலாம்.

அரங்கின் நீளம் 18 மீட்டர், அகலம் 10 மீட்டர், உயரம் 4.5 மீட்டர். நீளமான ஒரு சுவரில் மட்டும் ஆறு சன்னல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சட்டங்களைக் கழித்து 4 சதுர மீட்டர் கண்ணாடி இருக்கிறது. சன்னல்களுக்கு இணையாக மூன்று வரிசை எல்இடி விளக்குகள், சன்னல் சுவரிலிருந்து 1.7, 5, 8.3 மீட்டர் தொலைவில் தொங்குகின்றன. தேர்வு எழுதவும் பயன்படும் அரங்கு என்பதால், மேசை மட்டத்தில் 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: சராசரிப் பகலொளிக் காரணியைக் கணக்கிடுதல்

முழுவதும் மேகம் மூடிய வானத்தின் கீழ், தடையற்ற வெளியிடத்தில் கிடைமட்டமாக விழும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு உள்ளே ஓர் இடத்தை அடைகிறது என்பதே பகலொளிக் காரணி. வெளியே 10,000 லக்ஸ் இருக்கும்போது மேசை மீது 200 லக்ஸ் விழுந்தால் காரணி 2%. நேரடி வெயில் இதில் சேராது. அரங்கு முழுவதற்குமான சராசரியைக் கீழ்க்காணும் சூத்திரம் தரும்.

```
DF = (T × W × θ) / (A × (1 − R²))
```

`T` என்பது கண்ணாடி ஊடுருவவிடும் ஒளியின் பங்கு. கண்ணாடிக்கு 0.7 என்றும், தூசு படிவதற்காக 0.9 என்றும் எடுத்துப் பெருக்கினால் 0.63. `W` கண்ணாடியின் மொத்தப் பரப்பு, அதாவது 24 சதுர மீட்டர். `A` தரை, மேற்கூரை, சுவர்கள், சன்னல்கள் அனைத்தின் கூட்டுப் பரப்பு. நம் அரங்கில் 612 சதுர மீட்டர். `R` அந்தப் பரப்புகளின் சராசரி எதிரொளிப்பு; மேற்கூரைக்கு 0.7, சுவருக்கு 0.5, தரைக்கு 0.2, கண்ணாடிக்கு 0.1 என்று பரப்புவாரியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.455 வருகிறது.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது `θ` என்ற கோணத்தில்தான். சன்னலின் நடுவிலிருந்து பார்க்கும்போது செங்குத்தாக எத்தனை பாகை வானம் தெரிகிறது என்பதே அது. எதிரிலுள்ள கட்டடம் 20 பாகையை மறைத்தால் மீதம் 70. சூத்திரத்தில் இட்டால் சராசரி 2.18% வரும். ஆனால் சன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? சன்னலின் நடுவிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் 0.6 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, மேலிருந்து ஏறத்தாழ 27 பாகை வானத்தை மறைத்துவிடும். இப்போது `θ` 43 மட்டுமே, சராசரி 1.34% ஆக இறங்கிவிடுகிறது. 2 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் அறை, பகலிலும் விளக்கில்லாமல் மங்கலாகத் தெரியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். சன்ஷேடைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் மட்டுமே ‘பரவாயில்லை’ என்று தோன்றிய அரங்கு இது.

இரண்டாம் படி: லக்ஸ் மீட்டரால் வரிசை வரிசையாக அளத்தல்

சராசரி ஓர் எண் மட்டுமே. விளக்குகளைப் பிரிக்க அது போதாது. நிழலே விழாத, அடர்ந்த மேகமூட்டமுள்ள நாளில் மேசை உயரத்தில், ஏறத்தாழ 0.75 மீட்டரில், லக்ஸ் மீட்டரைக் கிடையாக வைத்து, சன்னலிலிருந்து உள்நோக்கி 2 மீட்டர் இடைவெளியில் அளந்துகொண்டு வர வேண்டும். விளக்குகள் அனைத்தும் அணைந்திருக்க வேண்டும். அளப்பவரின் உடல் நிழல் மீட்டர் மீது விழக் கூடாது. அதே நேரத்தில் மறைப்பில்லாத மொட்டைமாடியில் இன்னொருவர் வெளி அளவை எடுக்க வேண்டும். ஒரே மீட்டர்தான் இருக்கிறது என்றால், ஒவ்வோர் உள்ளளவுக்கும் முன்னும் பின்னும் வெளியே அளந்து சராசரி எடுக்கலாம். அந்த இரண்டு வெளியளவுகளும் வெகுவாக மாறுபட்டால் மேகம் கலைகிறது என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிடுவதே நல்லது.

வெளியே 12,000 லக்ஸ் இருந்தபோது 1, 3, 5, 7, 9 மீட்டர் தொலைவுகளில் முறையே 432, 180, 96, 60, 48 லக்ஸ் கிடைத்தது என்று கொள்வோம். காரணிகள் 3.6, 1.5, 0.8, 0.5, 0.4 விழுக்காடு ஆகும். இவற்றின் சராசரி 1.36, கணக்கிட்ட 1.34-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் இந்தச் சராசரியைக் கொண்ட ஒரு மேசையை அரங்கில் தேடினால், 3 மீட்டரைத் தாண்டிய ஒரு குறுகிய பட்டையில்தான் அது கிடைக்கும்.

மூன்றாம் படி: எந்த வரிசைக்குச் சென்சார் தேவை என்று முடிவெடுத்தல்

300-ஐக் காரணியால் வகுத்தால், விளக்கே தேவைப்படாத வெளி வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். முதல் வரிசையின் அடியில் காரணியை ஏறத்தாழ 2.5% என்று எடுத்தால் 12,000 லக்ஸ் போதும். மேகமூட்டமான பகலிலும் அது எளிதில் கிடைக்கும். நடு வரிசைக்கு 37,500 லக்ஸ் தேவை. ஆயினும் வெளியே 12,000 இருக்கும்போதே அங்கு 96 லக்ஸ் வந்துவிடுவதால், விளக்கு அந்த 300-இல் மூன்றில் இரு பங்கு தந்தால் போதும். மூன்றாம் வரிசைக்கோ 75,000 லக்ஸ் வேண்டும். மேகமூட்டத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. என் முடிவு: முதல் இரண்டு வரிசைகளுக்குத் தனித்தனிச் சென்சார், மூன்றாவதைக் கையால் மாற்றும் நிலையிலேயே விடலாம்.

காரணி வானத்தின் திசையையோ வெயிலையோ அறியாது. தெளிந்த வானத்தில் வெயில் விழும் சன்னல்களுக்கு, ஆண்டு முழுவதுமான வானிலைத் தரவைக் கொண்டு செய்யும் கணிப்பே சரியான விடை தரும். வரிசைகளைப் பிரிப்பதற்கு மட்டும் காரணி போதுமானது.

நான்காம் படி: விளக்குகளை அடையாளம் கண்டு குழுவாக்குதல்

எல்இடி விளக்குக்கு மின்சாரம் தந்து அதை மங்கவும் வைக்கும் கருவியே டிரைவர். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு முகவரி தந்து கட்டளை அனுப்பும் டாலி முறையில் இயங்குபவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு டாலி இணைப்பில் 64 டிரைவர்கள் வரை முகவரி பெறலாம். மென்பொருள் முகவரிகளைத் தேடி ஒதுக்கும்போது, ஒவ்வொரு டிரைவரும் தற்செயலாக உருவாக்கிக்கொண்ட எண்ணின் வரிசையில்தான் 0, 1, 2 என்று வழங்கும். விளக்கு தொங்கும் இடத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே கிடையாது. வரைபடத்தில் உள்ளபடி 0 முதல் 5 வரை முதல் வரிசை என்று எண்ணி ஒரு முறை நானே குழுவாக்கிவிட்டேன். மறுநாள் சன்னல் திரையை இழுத்து மூடியபோது உள்பக்கத்து இரண்டு விளக்குகள் பிரகாசமாயின; சன்னல் ஓரத்து விளக்குகளில் இரண்டு அசையவே இல்லை. அதன் பிறகு, ஒவ்வொரு முகவரியையும் மென்பொருளிலிருந்து சிமிட்டச் செய்து, ஏணியின் கீழே நின்று வரைபடத்தில் குறித்த பிறகே குழுவில் சேர்க்கிறேன்.

ஏமாற்றும் இன்னொன்று, விளக்கின் பிரகாசத்தைக் குறிக்க டாலி அனுப்பும் அளவெண். அது 1 முதல் 254 வரை செல்வதால் 127 பாதி வெளிச்சம் என்று தோன்றும். இயல்பான மங்கல் வளைவு மடக்கை அளவில் அமைந்திருப்பதால் 127 ஏறத்தாழ 3% வெளிச்சமே தரும். பாதிக்கு 229 வேண்டும்.

ஐந்தாம் படி: சென்சாரின் இடமும் இரவு அளவுத்திருத்தமும்

மேற்கூரையில் தரையை நோக்கிப் பொருத்தும் சென்சார், பகலொளியையும் விளக்கொளியையும் சேர்த்தே பார்க்கும். சன்னல் கண்ணாடியோ விளக்கின் முகமோ அதன் பார்வையில் நேரடியாக விழக் கூடாது.

இருட்டிய பின், எல்லா வரிசைகளையும் முழுமையாக எரியவிட்டு மேசையில் அளக்க வேண்டும். 420 லக்ஸ் வருகிறது என்றால், 300-க்கு 71% போதும். டாலி அளவெண் ஏறத்தாழ 242. அந்த நிலையில் நடு வரிசைச் சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 60 என்று வைப்போம். பலர் இந்த 60-ஐ இலக்காக இட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஆறாம் படி: பகல் அளவுத்திருத்தம்

பக்கவாட்டிலிருந்து வரும் பகலொளி சன்னல் ஓரத்துத் தரையை வெளுப்பாக்கி, மேல்நோக்கி அதிகமாகத் தெறிக்கிறது. எனவே மேசைக்கு ஒரே அளவு லக்ஸ் தந்தாலும், விளக்கொளியைவிடப் பகலொளியால் சென்சாரின் எண் கூடுதலாக ஏறும். விளக்கால் மேசையில் 300 லக்ஸ் விழும்போது சென்சார் 60 காட்டியது; அதாவது 100 லக்ஸுக்கு 20. பகலில் விளக்கை அணைத்து அளந்தபோது 100 லக்ஸுக்கு 40 காட்டியது என்று கொள்வோம். இலக்கு 60 என்றே இருந்தால், பகலொளி 100 லக்ஸ் தரும்போது சென்சாரில் 40 நிறைந்துவிடும்; மீதி 20-க்கு விளக்கு 100 லக்ஸ் மட்டும் தரும். மேசையில் மொத்தம் 200 லக்ஸ். ‘சென்சார் வந்ததிலிருந்து இருட்டாக இருக்கிறது’ என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது.

உண்மையில் விளக்கு 200 லக்ஸ் தர வேண்டும்; அப்போது சென்சார் 40 + 40 = 80 காட்ட வேண்டும். பகலொளி 200 லக்ஸ் ஆனால் 80 + 20 = 100. ஆகவே விளக்கு மங்க மங்க இலக்கும் உயர வேண்டும். விளக்கு மங்குவதற்கேற்ப இலக்கு உயரும் சரிவை மாற்றும் அமைப்பு உள்ள சென்சாரில், இரவு அளவை ஒரு புள்ளியாகவும், பகலில் மேசையில் 300 லக்ஸ் வரும்வரை சரிசெய்த நிலையை மறு புள்ளியாகவும் இட்டால் இது தானே அமையும். ஒரே இலக்கு மட்டும் ஏற்கும் சென்சார் என்றால் 80 என்று வையுங்கள்: இரவில் 400 லக்ஸ் எரிந்து சற்று வீணாகும், ஆனால் பகலொளி 100 லக்ஸைத் தாண்டாத வரை மேசையில் 300-க்குக் குறையாது; தாண்டினால் குறையும். சன்னல் பக்கத்தை மறைக்கும் சிறு வளையத்தைச் சென்சாரில் மாட்டினாலும் இந்த வேறுபாடு குறையும்.

கடைசிச் சோதனை

மங்கும் நேரத்தை அரை நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஓடும் மேகத்துக்கு விளக்கு துடிக்காது. பிறகு ஒரு சென்சாரைக் கையால் மூடினால் அதன் வரிசை மட்டும் பிரகாசமாக வேண்டும். வெளிச்சம் மாறாதபோதும் இரு வரிசைகள் மாறி மாறி ஏறி இறங்கினால், ஒரு வரிசையின் சென்சார் அடுத்த வரிசையின் ஒளியைப் பார்க்கிறது என்று பொருள். ஒன்றின் மங்கல் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சென்சாரைத் தன் வரிசையின் நடுவுக்கு நகர்த்தி, ஐந்தாம் படியிலிருந்து மீண்டும் அளக்க வேண்டும்.