பத்திர வாசகத்தை எளிமையாக்கும்போது எந்தச் சொல்லை விடக்கூடாது?

ஒரு சொல்லை நீக்குவதற்கு முன், அதன் இடத்தில் எளிய சொல்லொன்றை வைத்துப் பார்த்து, அதனால் யாருடைய உரிமையாவது பொறுப்பாவது மாறுகிறதா என்று கேளுங்கள்; மாறினால் அது கலைச்சொல், மாறாவிட்டால் அலங்காரம்.

"மேற்படி சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமோ அடமானமோ ஒத்தியோ இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்" என்ற கிரயப் பத்திர வரியைப் பாருங்கள். "மேற்படி" என்பதை "இந்த" என்று மாற்றலாம். "யாதொரு", "இதன் மூலம்" ஆகியவற்றை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. ஆனால் "ஒத்தி"யும் ஒருவகை அடமானம்தானே என்று அதை விட்டுவிட்டால் ஒரு முக்கியச் செய்தி போய்விடும்: ஒத்தியில் பணம் கொடுத்தவரே சொத்தைக் கைவசம் வைத்து அனுபவிப்பார், சாதாரண அடமானத்தில் சொத்து உரிமையாளரிடமே இருக்கும். "வில்லங்கம்" என்பதைப் "பிரச்சினை" என்று மாற்றுவதும் தவறு. வில்லங்கம் என்பது சொத்தின் மீது பிறருக்குச் சட்டப்படி உள்ள உரிமை அல்லது பாத்தியதை; பக்கத்து வீட்டாருடன் உள்ள மனத்தாங்கல் பிரச்சினை, ஆனால் வில்லங்கம் ஆகாது. இத்தகைய சொற்களை அப்படியே வைத்து, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே சரி. பழக்கமில்லாத சொல் என்பது மட்டும் நீக்கக் காரணமாகாது.

இந்த வழி, வாங்குபவருக்கு விளக்கமாக எழுதித் தரும் குறிப்புக்கு மட்டுமே பொருந்தும். பதிவுக்குப் போகும் பத்திரத்தில் "யாதொரு" போன்ற சொல்லைக்கூட ஆவண எழுத்தரையோ வழக்கறிஞரையோ கேட்காமல் தொடக்கூடாது.