ஜெர்மன் டிரைவிங் தியரி: ‘ரெஷ்னன்’னா கணக்கு போடறது இல்லப்பா

போன ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் போனத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தான். தியரி மாக் டெஸ்ட் மூணு போட்டிருக்கான், மூணுலயும் ஃபெயில். தப்பான கேள்விய மட்டும் ஒண்ணொண்ணா காட்டச் சொல்லிப் பாத்தா, ஏழு வருஷம் முன்னாடி நான் எங்க விழுந்தேனோ அதே குழியில அவனும் விழுந்து கெடக்கான். இந்த ரெண்டு மூணு வருஷத்துல எங்கிட்ட வந்த நாலஞ்சு பேரும் இதே கததான், அதனால இந்த தடவ எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

போர்டு எல்லாம் மனப்பாடம் பண்ணுங்க, நேரத்துக்குப் போங்க, பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்கங்கற மாதிரி விஷயம் எதுவும் இதுல இல்ல. கேள்வியோட வார்த்தைல விழற அடி மட்டும்தான்.

முதல்ல மார்க் கணக்கு, ஏன்னா அது தெரிஞ்சாதான் ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்ளோ பொலம்பறேன்னு புரியும். மொத தடவ கார் லைசென்ஸ் எடுக்கறவங்களுக்கு 30 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2லேந்து 5 வரைக்கும் தப்புப் புள்ளி. 10 வரைக்கும் தாங்கும், ஆனா ரெண்டு அஞ்சு புள்ளி கேள்விய விட்டா, கூட்டினா பத்துதானே வருதுன்னு சொன்னாலும் ஃபெயில் ஃபெயில்தான். ஒரு கேள்விக்கு ரெண்டு விடை சரின்னா ரெண்டையும் டிக் பண்ணியாகணும். ஒண்ண விட்டாலும் முழு புள்ளியும் போச்சு, பாதி மார்க்லாம் கெடையாது.

‘வோமிட் ம்யூஸன் ஸீ ரெஷ்னன்?’

என் லைசென்ஸ ஒரு மாசம் தள்ளிப் போட்ட வாக்கியம் இதுதான், இப்பவும் பாத்தா எரிச்சலா வரும்.

அகராதியில ‘ரெஷ்னன்’ன்னு தேடினா கணக்கு போடறதுன்னு வரும். ஸ்கூல் புள்ளைங்க கூட்டல் கழித்தல் பண்றதுக்கு அந்த வார்த்தைதான். ஆனா அதோட ‘மிட்’ சேந்துச்சுன்னா அர்த்தமே வேற, ‘எதிர்பாக்கறது’ன்னு ஆயிடும். ‘வோமிட்’டுக்குள்ள அந்த ‘மிட்’ ஒளிஞ்சு உக்காந்திருக்கு. ஆக கேள்வி என்னன்னா: இங்க என்ன நடக்கும்னு நீங்க எதிர்பாத்துத் தயாரா இருக்கணும்?

சரி, அர்த்தம் தெரிஞ்சா போதும்லன்னு நெனப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். பி-ஒன் பாஸ் பண்ணின திமிர்ல ஜெர்மன்லயே எழுதறேன்னு போய் உக்காந்தேன். அர்த்தம் எனக்கு நல்லாவே தெரியும், அப்பறமும் விழுந்தேன். என்ன ஆச்சுன்னா, கேள்வி இந்த மாதிரி: உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் சைக்கிள்ல போறார், அவருக்கு முன்னாடி வலது ஓரத்துல ஒரு வேன் நிக்குது, சைக்கிள்காரர் தலையத் திருப்பி இடது தோளுக்கு மேல பின்னாடி பாக்கறார். எதை எதிர்பாக்கணும்? ஒரு விடை, கை காட்டாமலே இடது பக்கம் விலகுவார். இன்னொரு விடை, நீங்க போற வரைக்கும் வேனுக்குப் பின்னாடி நின்னு கண்டிப்பா காத்திருப்பார்.

நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? சட்டப்படி கை காட்டாம விலகக்கூடாது, அது தப்பு, தப்பான விஷயம் எப்படி சரியான விடையா இருக்கும்? அதனால அத விட்டுட்டேன். நின்னு காத்திருக்கறது ஒழுக்கமான செயலா தெரிஞ்சுது, அதுல டிக் போட்டேன். ரெண்டுமே தலைகீழ். சைக்கிள்காரர் செய்யறது சரியா தப்பான்னு கேள்வி கேக்கவே இல்ல. அவர் செய்ய வாய்ப்பு இருக்கா, செஞ்சா நீ பிரேக்குக்குத் தயாரா இருக்கியா, அவ்ளோதான் கேள்வி. பந்து உருண்டு ரோட்டுக்கு வர்ற கேள்வியிலயும் இதே தப்பத்தான் பண்ணினேன். குழந்தை ரெண்டு பக்கமும் பாத்துட்டு வருவாங்களாம்! ரெண்டு அஞ்சு புள்ளி அங்கயே காலி, மத்ததெல்லாம் சரி. ஸ்கிரீன்ல ரிசல்ட் வந்தப்ப எனக்கு நம்பவே முடியல. கொறஞ்சது ரெண்டு வாரம் கழிச்சுதான் திரும்ப எழுத முடியும், ஃபீஸ் மறுபடியும், எனக்கு ஸ்லாட் கெடைக்க அதுக்கும் மேல ரெண்டு வாரம் ஆச்சு.

இதுல சட்டமும் கேள்வி பக்கம்தான் நிக்குது. மத்தவங்க விதிய மதிச்சு ஓட்டுவாங்கன்னு ஓரளவு நம்பிக்கலாம்னு ஜெர்மனியில ஒரு கொள்கை இருக்கு, ஆனா குழந்தைங்க, வயசானவங்க, உதவி தேவைப்படறவங்க விஷயத்துல அந்த நம்பிக்கை செல்லாது. அவங்களப் பாத்தாலே வேகத்தக் கொறைச்சு பிரேக்குக்குத் தயாரா இருக்கணும்னு போக்குவரத்து விதியோட மூணாவது பிரிவுலயே எழுதியிருக்கு. அதனால கேள்வியில குழந்தையோ பாட்டியோ வந்து ‘ரெஷ்னன்’னு முடிஞ்சா, அவங்க ஒழுங்கா நடந்துப்பாங்கன்னு சொல்ற விடைய நான் ரெண்டாந்தடவ படிச்சிட்டுதான் தொடுவேன்.

இதுல கொடுமை என்னன்னா நமக்கு இது தெரியாத விஷயமே இல்ல. மதுரையில பைபாஸ்ல ஸ்கூட்டி ஓட்டினவளுக்கு, முன்னாடி போறவன் கையும் காட்டாம இண்டிகேட்டரும் போடாம திடுதிப்புன்னு திரும்புவான்னு யாராச்சும் சொல்லித் தரணுமா? நாள் பூரா ரெஷ்னன் பண்ணிட்டேதான் ஓட்டுவோம். ஆனா எக்ஸாம் ஹால்ல உக்காந்த ஒடனே ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ மூளை வந்து ஒட்டிக்குது, ‘சரி’ன்னா ‘சட்டப்படி சரி’ன்னு மாத்திப் படிச்சிடறோம். அதனாலதான் இங்கிலீஷ்ல எழுதறவங்களும் இதுல விழறாங்க. தமிழ்ல இந்த எக்ஸாம் கெடையாது, ஜெர்மன் போக 12 மொழி இருக்கு, நம்மாளுங்க பெரும்பாலும் இங்கிலீஷ் எடுப்பாங்க. அந்த ஆபீஸ் தம்பியும் இங்கிலீஷ்லதான் படிக்கறான், ஆனா கேள்வியில ‘மஸ்ட்’னு பாத்த ஒடனே அவனுக்கு விதிப்புத்தகம் தெறந்துக்குது.

நான் அவனுக்குச் சொன்ன வழி: விடையப் பாக்கறதுக்கு முன்னாடி கேள்வியோட கடைசி வரிய மட்டும் படி. ‘எப்படி நடந்துக்கணும்’னு கேட்டா அது உன்னப் பத்தினது, சட்டத்தத் தேடு. ‘ரெஷ்னன்’னு முடிஞ்சா அது அடுத்தவனப் பத்தினது, ‘இவன் இப்படி செய்வானா’ன்னு மட்டும் யோசி. ‘ஐன்ஷ்டெல்லன்’னு ஒரு சொல்லும் வரும், அகராதி அதுக்கு வேலைக்கு எடுக்கறது, செட் பண்றதுன்னு என்னென்னமோ சொல்லும், இங்க அதுவும் ‘தயாரா இரு’தான், ரெஷ்னனோட தம்பி. ஆனா இதப் புடிச்சுக்கிட்டு கெட்டது எல்லாத்துக்கும் டிக் போடற ஆளுங்களும் இருக்காங்க, அதுவும் வேலைக்காவாது. படத்துல அதுக்கு ஒரு தடயம் இருக்கணும்: திரும்பின தலை, கதவத் தெறக்கற கை, வண்டிக்கு அடியில தெரியற கால்.

வீடியோ கேள்வியில இது இன்னும் மோசம். வீடியோவ அஞ்சு தடவ வரைக்கும் பாக்கலாம், ஆனா கேள்வியத் தெறந்துட்டா திரும்ப வீடியோவுக்குப் போக முடியாது. ஒரே தடவ பாத்துட்டு அவசரமா கேள்விக்குப் போயிட்டு, ‘அந்த சைக்கிள்காரன் திரும்பிப் பாத்தானா இல்லயா’ன்னு முழிக்கற ஆளா இருக்காதீங்க.

‘ஃபார்பான்’ங்கறது லேன் இல்ல

லேனுக்கு வார்த்தை ‘ஃபார்ஷ்ட்ரைஃபன்’. ‘ஃபார்பான்’னா வண்டி ஓடற முழு தளமும், ரெண்டு திசையும் சேத்து. இதக் கொழப்பிக்கிட்டா எங்க அடி விழும்னு சொல்றேன். பஸ் ஸ்டாப்புல ஒரு பஸ் நாலு இண்டிகேட்டரும் மினுக்கிட்டு நிக்குது, ஆளுங்க ஏறி எறங்கறாங்க. நீங்க எதிர்த்திசையிலேந்து வர்றீங்க. அதே ஃபார்பான்ல எதிர வர்றவங்களும் நடை வேகத்துலதான் தாண்டணும்னு விதி. ‘ஃபார்பான்’ன லேன்னு படிச்சவன், என் லேன்தான் வேறயாச்சேன்னு அம்பதுலயே போவான். நடுவுல புல்தரையோ சுவரோ பிரிச்சிருந்தாதான் அது வேற ஃபார்பான், அப்ப இந்த விதி ஒங்களுக்கு இல்ல.

‘முஸ் நிஷ்ட்’

‘செய்யக்கூடாது’ இல்ல, ‘செய்ய வேண்டியதில்ல’. கூடாதுங்கறதுக்கு ‘டார்ஃப் நிஷ்ட்’. இங்கிலீஷ் ‘மஸ்ட் நாட்’ட மனசுல வச்சுக்கிட்டுப் படிச்சா நேர் எதிரா டிக் போடுவீங்க.

பிரெம்ஸ்வேக்கா, அன்ஹால்டவேக்கா

நம்பர டைப் பண்ற கேள்வி. சூத்திரம் எல்லாருக்கும் தெரியும், கேட்டது எதுன்னு பாக்கறதில்ல. 50 வேகம்னு வச்சுக்கோங்க. பத்தால வகுத்தா 5. அத மூணால பெருக்கினா 15 மீட்டர், பிரேக்குல கால் வைக்கறதுக்குள்ள வண்டி ஓடிடற தூரம். அஞ்ச அஞ்சால பெருக்கினா 25 மீட்டர், பிரேக் புடிச்சதுக்கு அப்பறம் ஓடற தூரம், பிரெம்ஸ்வேக். ரெண்டும் சேந்து 40, அதுதான் அன்ஹால்டவேக். நூறுல போனா 30, 100, 130. ‘கெஃபார்’னு ஆரம்பிக்கற அவசர பிரேக்கக் கேட்டா பிரேக் தூரத்த மட்டும் பாதியாக்கணும், மொத்தத்தையும் இல்ல.

‘மட்டும்’, ‘எப்பவும்’ வந்தா தப்பு விடைன்னு ஒரு புரளி

யூட்யூப் பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் இதச் சொல்றாங்க. பின்னாடி இருக்கற ஃபாக் லைட்ட மூடுபனியில 50 மீட்டருக்குக் கீழ பார்வை கொறைஞ்சா மட்டும்தான் போடலாம். அந்த ‘மட்டும்’ சரிதான். நம்பாதீங்க.

‘ஃப்ரை’

இலவசம் இல்ல, விதிவிலக்கு. தடை போர்டுக்குக் கீழ ‘சைக்கிள் ஃப்ரை’ன்னா சைக்கிளுக்கு அந்தத் தடை இல்லன்னு அர்த்தம்.

‘உம்ஃபாரன்’

சுத்திப் போறதுக்கும் இடிச்சுத் தள்றதுக்கும் ஒரே ஸ்பெல்லிங்னு எல்லாரும் சொல்ற ஜோக். எக்ஸாம்ல எனக்கு வரவே இல்ல. விடுங்க.

ஆபீஸ் தம்பி நேத்து ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஒரு தாத்தா குச்சி ஊனிக்கிட்டு நடைபாதை ஓரத்துல நிக்கறார், எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்னிருக்கு. ‘அக்கா, இவர் ரோட்டப் பாக்காம குறுக்க எறங்குவாரா?’ன்னு கேட்டிருந்தான். நான் ‘அவருக்கு எந்த பஸ்ஸு?’ன்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. அப்பறம் ஒரு டிக் மட்டும் வந்துச்சு.