தேங்காய்ப்பூவும் சொட்டும் பிரீசரில் காறாமல் இருக்க

2025 தொடக்கத்தில் கொழும்பில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியது. அதற்குப் பிறகு, பாதிக் காயில் சம்பல் இடித்துவிட்டு மீதியைப் பழுதாக விட யாருக்கும் மனம் வராது. பிரீசரில் வைக்கலாம். ஆனால் சும்மா சொப்பிங் பேக்கில் சுற்றிப் போட்டால், சில கிழமைகளில் தொண்டையில் காறும், பக்கத்தில் இருந்த மீனின் வாடையும் ஏறிவிடும்.

தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, ஏறத்தாழ பாதி நீர். வெளியே இருக்கும்போது பக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். கூடவே நொதியங்கள் கொழுப்பை உடைக்க, அதிலிருந்து வரும் கொழுப்பமிலங்கள்தான் சவர்க்காரம் போன்ற அந்தச் சுவையைத் தருகின்றன. குளிர் பக்டீரியாவை நிறுத்திவிடும், நொதியத்தை மெதுவாக்க மட்டுமே செய்யும். அதனால் உள்ளே போகும் தேங்காய் புதிதாக இருக்கவேண்டும், காற்றும் படக்கூடாது.

காயைப் பார்த்தல்

மூன்று காய் வாங்கியிருக்கிறீர்கள், இரண்டைத் துருவி ஒன்றைச் சொட்டாக வைக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடைத்ததும் தண்ணீரை மணந்து, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புளித்தாலோ பருப்பு வழுவழுத்தாலோ அந்தக் காய் வேண்டாம். தண்ணீர் வற்றி எண்ணெய் கசிகிற காயையும், உள்ளே பூரான் வைத்த காயையும் அன்றைக்கே கறிக்கு எடுத்துவிடுங்கள். அவற்றில் கொழுப்பு ஏற்கெனவே உடையத் தொடங்கியிருக்கும். நல்ல காயின் உட்புறத்தைத் துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

துருவிப் பொதி செய்தல்

திருவலையில் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள். சிரட்டையை ஒட்டிய மண்ணிறத் தோல் விழுந்தால் நிறமும் சுவையும் கெடும். துருவிய பூவைக் கழுவக்கூடாது, மேசையில் ஆறப்போடவும் கூடாது. கொழும்பு வெக்கையில் சில மணித்தியாலமே புளிக்கப் போதும்.

நடுத்தரக் காய் ஒன்றில் ஏறத்தாழ மூன்று கப் பூ வரும். நம்முடைய இரண்டு காயில் ஆறு கப். சம்பலுக்கென்று ஒரு கப் வீதம் மூன்று பை, சொதிக்குப் பால் பிழிய ஒன்றரைக் கப் வீதம் இரண்டு பை என்று பிரியுங்கள். ஒருமுறை சமைக்கத் தேவையானது ஒரு பைக்குள் இருந்தால், எடுத்து, கரைத்து, மீதியைத் திரும்ப வைக்கிற வேலை வராது. சுவை கெடுவது பெரும்பாலும் அந்த வேலையால்தான்.

பிரீசருக்கென்று விற்கும் தடித்த சிப் பையை எடுங்கள். மெல்லிய பொலித்தீன் காற்றையும் மீன் வாடையையும் தடுக்காது. பூவை அமுக்காமல் நிரப்பி, பையைத் தட்டையாகக் கிடத்தி, கையால் ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்குப் பரப்புங்கள். அடியிலிருந்து வாய்ப்பக்கம் தடவிக் காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டுத் திகதி எழுதுங்கள். தட்டையாக இருந்தால் விரைவாக உறையும். அகப்பைக் காம்பால் குறுக்கே ஒரு கோடு அழுத்திவிட்டால் பாதியாக உடைத்தும் எடுக்கலாம்.

சொட்டு

மூன்றாவது காயின் பாதிகளைச் சிரட்டையோடு இரண்டு மூன்று மணித்தியாலம் பிரீசரில் வைத்து வெளியே எடுத்து, சற்றுப் பொறுத்துக் கத்தி முனையால் நெம்பினால் பருப்பு கழன்று வரும். தோலைச் சீவி, விரல் அகலச் சொட்டாக வெட்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுங்கள். மேற்பரப்பில் இருக்கும் கிருமி குறையும். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்த பிறகே பையில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் ஒரே கட்டியாகிவிடும். பூவை விடச் சொட்டு நன்றாகத் தாங்கும், காற்றுப் படும் பரப்பு அதில் குறைவு.

எவ்வளவு காலம், எப்படி எடுப்பது

மைனஸ் 18 பாகை செல்சியஸில் மூன்று மாதம் வரை நல்ல சுவை நிற்கும். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜின் மேல்பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது. ஐஸ்கிரீம் அதில் இளகியே இருக்குமானால் இரண்டு மூன்று கிழமைக்குள் முடித்துவிடுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய பிரீசர் இரண்டு நாள் வரை குளிர் காக்கும், பாதி நிரம்பியது ஒரு நாள்.

சம்பலுக்கு முதல் நாளிரவே பையைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பூ கொஞ்சம் மென்மையாக இருக்கும், புதுத் துருவலின் மொறுமொறுப்பு திரும்பாது. பாலுக்கு வெதுவெதுப்பான நீர் கட்டாயம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழ் உறைந்துவிடும். குளிர்ந்த பூவைப் பிழிந்தால் கொழுப்பு சக்கையிலேயே தங்கி, தண்ணீர்ப் பால்தான் வரும். சொட்டை அப்படியே மிக்சியில் போடாமல், பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள்.

எடுத்ததும் மணந்து, ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். வெண்மையாக வரண்ட திட்டு இருந்தால் ஈரம் மட்டுமே போயிருக்கிறது, கறிக்குப் பாவிக்கலாம். புளித்த மணமென்றால் எங்கோ கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது. சவர்க்காரச் சுவையோ தொண்டைக் காறலோ இருந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது, எத்தனை மிளகாய் போட்டாலும் அது மறையாது. புளிப்பு, காறல், இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி, எது தெரிந்தாலும் அந்தப் பையை முழுவதுமாக எறிந்துவிடுங்கள்.