நெல்லைப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களை ஆங்கிலமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரத்தைக் கையில் எடுத்தால் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று நீளும் வாக்கியங்களைப் பார்த்துத்தான் பலரும் மிரளுகிறார்கள். அவை பத்திரத்துக்குப் பத்திரம் வரும் ஒரே வாசகங்கள். ஒருமுறை சரியாக ஆங்கிலமாக்கி வைத்துக்கொண்டால் போதும். சொத்தையே இடம் மாற்றிவிடுகிற பிழைகள் கடைசியில் வரும் தபசிலில்தான் நடக்கின்றன.

முதலில் நான்கெல்கையைப் பாருங்கள். 'கிழக்கே இன்னார் வயல்' என்று இருந்தால் அந்த வயல் நம் சொத்தின் கிழக்கு எல்லை. 'இன்னார் வயலுக்குக் கிழக்கு' என்று இருந்தால் கதை வேறு: அந்த வயலுக்குக் கிழக்கே நம் சொத்து கிடக்கிறது, ஆகவே அந்த வயல் நமக்கு மேற்கு எல்லை. பழைய பத்திரங்களில் இந்த இரண்டாவது முறை மிகவும் சகஜம். 'கிழக்கு' என்ற சொல்லை மட்டும் பார்த்து 'கிழக்கு எல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினால், நான்கு எல்லைகளும் தலைகீழாகிவிடும். நான்கும் ஒருசேரப் புரள்வதால், படிப்பவருக்குச் சந்தேகமே வராது என்பதுதான் இதில் ஆபத்து.

கண்டுபிடிக்க வழி உண்டு. தாமிரபரணிக்கு வடக்கே ஓடும் கோடகன் காலை ஒட்டிய ஒரு நஞ்சைக்கு 'கோடகன் காலுக்குத் தெற்கு' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கால்வாய்தான் வடக்கு எல்லை; வயல் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் தானாகப் பாய்கிறது. மாற்றி எழுதினால் வயல் கால்வாய்க்கு வடபுற மேட்டில் ஏறிவிடும். நீர் எந்தப் பக்கம் பாயும் என்று கேட்டாலே பிழை தெரிந்துவிடும். கால்வாயோ குளமோ எல்லையாக வராத தபசிலுக்குக் கிராம வரைபடத்தை விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. நெல்லைச் சீமையில் நஞ்சையைக் கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில் சொல்வார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. ஒரு மரக்கால் விதைப்பாடு சுமார் 8 சென்ட். அப்படியானால் கோட்டைக்கு ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஊருக்கு ஊர் சற்று மாறும். நெல் அளவைக்கும் கோட்டை என்றே பெயர் என்பதால், 'கோட்டை 3' என்று கண்டதும் அது நிலமா குத்தகை நெல்லா என்று வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதைவிடச் சிக்கல் மா, காணி இரண்டும். தஞ்சாவூரில் மா என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர் நிலம். கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு. '2 கோட்டை விதைப்பாட்டில் இருமா பாகம்' என்று ஒரு பங்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். இருமா என்றால் பத்தில் ஒன்று. 42 மரக்காலில் பத்தில் ஒன்று 4.2 மரக்கால், சுமார் 34 சென்ட். தஞ்சாவூர் மாவாக எடுத்துக்கொண்டால் 66 சென்ட் ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 'பாகம்', 'பங்கு' என்ற சொல்லோ, முன்னால் ஒரு மொத்த அளவோ இருந்தால் அது பின்னம்தான்.

எப்படியானாலும் மொழிபெயர்ப்பின் உடலில் ஏக்கரைப் போடாதீர்கள். கோட்டை, மரக்கால் என்று ஒலிபெயர்த்து அப்படியே எழுதிவிட்டு, தோராய ஏக்கரை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் தனியாகத் தாருங்கள். பத்திரத்தில் இல்லாத எண்ணைப் பத்திரம் சொன்னதாக எழுத நமக்கு உரிமை இல்லை. சர்வே எண் இருந்தால் கிராமத்து 'அ' பதிவேட்டில் உள்ள பரப்போடு ஒப்பிட்டு, அந்தக் குறிப்பைச் சரிபார்க்கலாம்.

அப்புறம் தேதி. இங்கே கொல்லம் ஆண்டுதான் வழக்கம், அது ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். மார்கழிப் பாதியில் ஜனவரி பிறந்ததும் ஆடி முடிய 825. பலர் எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். '௲௭௰௧ மன்மத வருஷம் தை மாதம்' என்பதில் எண் 1071. தை மாதம் என்பதால் 825 கூட்டினால் 1896 ஜனவரி. 824 கூட்டினால் 1895 ஜனவரி. அது ஜய வருஷம், பத்திரத்திலுள்ள மன்மதவோடு ஒத்துவராது. ஒன்று கவனிக்க வேண்டும்: வருஷப் பெயர் சித்திரையில் மாறும், கொல்லம் எண் ஆவணியில்தான் மாறும். அதனால் அதே 1071-ன் சித்திரையில் எழுதிய பத்திரத்தில் துன்முகி என்று இருந்தால் அது எழுத்துப் பிழை அல்ல. பதிவான பத்திரமாக இருந்தால் பின்பக்கத்துச் சார்பதிவாளர் குறிப்பையும் பாருங்கள். எழுதிய நாளிலிருந்து சாதாரணமாக நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். நீங்கள் கணக்கிட்ட தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் ஒரு வருஷ இடைவெளி விழுந்தால் கூட்டலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.