'விற்றார்கள்' என்றதும் டைவெஸ்ட்மென்ட் என்று எழுதிவிடாதீர்கள்

நலிந்த நிறுவனம் எடுத்த வழி எது என்று தேர்வில் கேட்பார்கள். தொழிலை வைத்துக்கொண்டே மீட்பது டர்ன்அரவுண்ட், ஒரு பிரிவை விற்று விலகுவது டைவெஸ்ட்மென்ட், நிறுவனத்தையே கலைப்பது லிக்விடேஷன். இப்படிக் கேள்வி வந்தால் மாணவர்கள் பலரும் வினைச்சொல்லைத்தான் தேடுகிறார்கள். 'விற்றார்கள்' என்றிருந்தால் டைவெஸ்ட்மென்ட், 'மூடினார்கள்' என்றிருந்தால் லிக்விடேஷன். மதிப்பெண் போவது இங்கேதான். என்ன விற்றார்கள், விற்ற பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் பதில் பிடிபடும்.

ஒரு மாதிரிக் கேள்வி: நூற்பாலை, ஆயத்த ஆடை என இரண்டு பிரிவுகள் உள்ள ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகளாக நட்டத்தில் ஓடுகிறது. நிர்வாக இயக்குநரை மாற்றுகிறார்கள். தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிறார்கள். சும்மா கிடந்த நிலத்தை விற்றுக் கடனில் ஒரு பங்கை அடைக்கிறார்கள். நிலம் விற்றதைப் பார்த்ததும் டைவெஸ்ட்மென்ட் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இது டர்ன்அரவுண்ட். இரண்டு பிரிவுகளும் அப்படியே ஓடுகின்றன. நிலம் விற்றது கைக்குப் பணம் வர மட்டுமே. நூற்பாலையையே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு ஆடைப் பிரிவில் மட்டும் நின்றிருந்தால், அது டைவெஸ்ட்மென்ட்.

இரண்டும் கலந்தும் வரும். டென்மார்க்கின் பொம்மை நிறுவனமான லெகோ 2003, 2004 இரண்டு ஆண்டும் பெரும் நட்டம் கண்டது. 2004-இல் தலைமைக்கு வந்த யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப், கட்டுப்பாடில்லாமல் பெருகியிருந்த உதிரிக் கட்டை வகைகளைச் சுமார் பாதியாகக் குறைத்தார்; செலவை வெட்டினார்; மறுபடி கட்டைகளிலேயே கவனம் வைத்தார். 2005-இல் லெகோவின் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காக்களின் பெரும்பான்மைப் பங்கு பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. பூங்கா விற்பனையைத் தனியாக எடுத்தால் டைவெஸ்ட்மென்ட்தான். ஆனால் மொத்தக் கதையும் டர்ன்அரவுண்ட்; பூங்காவை விட்டது பொம்மைத் தொழிலைக் காப்பாற்றத்தான். ஆகவே கேள்வி ஒரு நடவடிக்கையைப் பற்றிக் கேட்கிறதா, முழு முயற்சியைப் பற்றியா என்று கடைசி வரியைப் படித்துவிட்டு எழுதுங்கள். முழு முயற்சி என்றால், 'டர்ன்அரவுண்ட், அதன் ஓர் அங்கமாக டைவெஸ்ட்மென்ட்' என்று காரணத்தோடு எழுதலாம்.

லிக்விடேஷனில் வேறு மாதிரித் தவறு. ஒரு கிளையை மூடினாலோ, வழக்கு திவால் தீர்ப்பாயத்துக்குப் போனாலோ அவசரப்பட்டு லிக்விடேஷன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. ஜூனில் திவால் நடைமுறை தொடங்கியது. ஆனாலும் 2021-இல் நிறுவனத்தை மறுபடி ஓட்டும் திட்டம் ஒன்றுக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. அதுவரை அதை லிக்விடேஷன் என்று சொல்ல முடியாது. அந்தத் திட்டம் நிறைவேறாமல், 2024 நவம்பரில் கலைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான் அது லிக்விடேஷன். நிறுவனமே இல்லாமல் போக வேண்டும், சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் கேள்வியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம், 'செலவைக் குறைத்தும் பலனில்லை, ஆகவே பிரிவை விற்க முடிவு செய்தது' என்று வரும் கேள்விகள். முதல் பாதியைப் படித்ததும் டர்ன்அரவுண்ட் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது கைவிட்ட வழி. இப்போது எடுத்த முடிவு டைவெஸ்ட்மென்ட்.