முதல் பனிச்சறுக்குப் பயணம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

பெங்களூரிலிருந்து முதல்முறையாக குல்மார்க்குக்கோ ஔலிக்கோ பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் தெர்மல் உள்ளாடை, அதன் மேல் போடும் ஃபிளீஸ், கையுறை, காகிள்ஸ் ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள். ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம்.

காரணம் இதுதான்: உடல்சூட்டைப் பெரிதும் காப்பது உள்ளே இருக்கும் அடுக்குகள். வெளி ஜாக்கெட்டின் முக்கிய வேலை காற்றையும் ஈரத்தையும் தடுப்பது. தெர்மல் பாலியஸ்டரிலோ மெரினோ கம்பளியிலோ இருக்கட்டும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்து, சறுக்குவதை நிறுத்தியதும் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். புதிதாகக் கற்பவர் அடிக்கடி விழுந்து பனியில் கை ஊன்றுவார் என்பதால், சாதாரணக் கம்பளிக் கையுறை சீக்கிரம் நனைந்துவிடும். நீர் புகாததாக வாங்குங்கள். காகிள்ஸில் இரட்டை லென்ஸ் இருந்தால் உள்ளே ஆவி படிவது குறையும்.

வாடகை ஜாக்கெட்டை ஃபிளீஸின் மேல் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கும்போது இடுப்பு வெளியே தெரிந்தால் அடுத்த சைஸ் கேளுங்கள். அப்புறம் பேன்ட்டோடு ஒருமுறை குந்தி உட்கார்ந்து பாருங்கள், முழங்காலில் இறுக்கக் கூடாது.

சிறு குழந்தைகளுக்கும் மிகப் பெரிய அளவு தேவைப்படுவோருக்கும் இந்த வாடகை யோசனை பொருந்தாது. அந்த அளவுகள் வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.