வெள்ளைப் பருத்தித் துணியிலும் டைல்ஸிலும் காய்ந்துபோன மருதாணிக் கறையை நீக்குவது எப்படி?

இரவில் கையில் வைத்திருந்த மருதாணி உதிர்ந்து, என் வெள்ளைப் பருத்தித் தலையணை உறையிலும் கட்டிலருகே இருந்த வெள்ளை டைல்ஸிலும் ஒட்டிக் காய்ந்துவிட்டது. இரண்டிலிருந்தும் கறையை நீக்கிய முறையை இங்கே எழுதுகிறேன்.

துணியை உடனே நனைத்துவிடாதீர்கள். காய்ந்த விழுதில் ஈரம் பட்டால், அதில் மிச்சமிருக்கும் சாயமும் நூலில் இறங்கும். கரண்டி விளிம்பால் சுரண்டி, நன்றாக உதறிய பிறகு, கறையின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள்.

நான் தவறியது அடுத்த கட்டத்தில்தான். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன். கறை வெளிர் மஞ்சளாக மங்கியதும் போய்விட்டது என்று நம்பி, சோப்புப் போட்டுத் துவைத்தேன். செம்மஞ்சள் நிறம் அப்படியே திரும்பிவிட்டது. மருதாணியின் சாயமான லாசோன் புளிப்பில் வெளிறும், காரத்தன்மையுள்ள சோப்பு நீரில் சிவக்கும். ஆகவே எலுமிச்சையும் வினிகரும் நிறத்தை மாற்றுகின்றனவே தவிர, சாயத்தை அகற்றுவதில்லை. சோப்புப் பட்டதும் கறை அடர்ந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஏனெனில் கார நீரில்தான் லாசோன் எளிதாகக் கரைகிறது.

சாயத்தைச் சிதைப்பதற்கு நான் நம்புவது சோடியம் பெர்கார்பனேட் அடங்கிய, குளோரின் இல்லாத ப்ளீச் தூளையே. கையுறை அணிந்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டித் தூளை முழுதாகக் கரைத்து, கறை மூழ்கும்படி நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்குள் கரைசலின் வலு குறைந்துவிடும் என்பதால், கறை மீதமிருந்தால் புதிதாகக் கரைத்து மறுபடி ஊறவைக்க வேண்டும். என் உறைக்கு மூன்று முறை தேவைப்பட்டது. கறை முற்றிலும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள்.

டைல்ஸில் வேலை எளிது. மெருகேற்றிய பரப்பு சாயத்தை அதிகம் உறிஞ்சாது. பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். நுண்துளைகள் நிறைந்த சிமெண்ட் இடுக்குதான் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சமையல் சோடாவைக் குழைத்து இடுக்கில் அப்பி, காய்ந்துவிடாதபடி மேலே பாலித்தீன் தாளைப் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அமிலம் கலந்த தரை சுத்திகரிப்பான் சிமெண்டை அரிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். குளோரின் ப்ளீச்சுடன் அது சேர்ந்தால் நச்சு வாயுவும் எழும்.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய ஒருவருக்குக் கறையுடன் துணியின் வெளிர் நீலமும் மங்கிவிட்டது. சாயமேற்றிய துணி என்றால், உள்தையலில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டுச் சோதித்த பிறகே ஊறவையுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்த முறை ஆகாது. தோலில் பிடிப்பதைப் போலவே அவற்றின் புரதத்தோடும் லாசோன் பிணைந்துவிடுகிறது, பெர்கார்பனேட்டோ அந்த இழைகளையே பாழாக்கிவிடும்.